தாழ்வு மண்டலம்தானே, புயல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்

வானிலை அறிக்கையில் வரும் இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்துக்கு மட்டும் வைக்கப்பட்டவை. எவ்வளவு மழை கொட்டும் என்பதை அவை சொல்வதில்லை. கடற்கரையில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கடலில் சுழலும் காற்று மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். பெயர் சூட்டுவதும் அப்போதுதான். அதாவது ஆழ்ந்த மண்டலத்துக்கும் புயலுக்கும் நடுவே ஒரே ஒரு கிலோமீட்டர்தான் இடைவெளி. "பகுதி", "மண்டலம்" இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிடாதீர்கள். மண்டலம் ஒரு படி வலுவானது.

2024 நவம்பரில் ஃபெஞ்சலைப் பாருங்கள். 29-ஆம் தேதி காலையில், ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். அன்று பிற்பகலே அது புயலாகிவிட்டது. "புயல் வராதாம்" என்று காலையில் கேட்டதோடு டிவியை அணைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. எனவே ஒரு அறிக்கையோடு நிறுத்தாமல் அடுத்ததையும் கேளுங்கள்.

30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. அது நகராமல் அங்கேயே நின்றுவிட, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை. பிறகு மெல்ல வலுவிழந்துகொண்டே உள்ளே போனது. அந்த நேரத்தில்தான் கடலை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. "வலுவிழந்தது" என்றால் காற்று தணிந்தது என்று மட்டுமே பொருள். 2015 நவம்பரில் நெய்வேலியை மூழ்கடித்த மழையைக் கொண்டுவந்ததும் புயல் அல்ல, ஆழ்ந்த தாழ்வு மண்டலம்தான்.

ஆகவே பெயரைக் கேட்டதும் இன்னும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று உங்கள் மாவட்டத்துக்கான மழை எச்சரிக்கை. "அதி கனமழை" என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல், தாழ்வான தெருவில் இருந்தால் வண்டியை மேட்டில் ஏற்றிவிடுங்கள். மற்றொன்று காற்று வரி. "70 முதல் 80, இடையிடையே 90 கி.மீ." என்று இருந்தால், அந்த 90 சட்டென அடித்துவிட்டுப் போகும் வேகம். பெரும்பாலும் ஓட்டைப் பெயர்ப்பதும் மரக்கிளையை ஒடிப்பதும் அந்த அடிதான். கூரைத் தகரத்தை இறுக்கிக் கட்டும்போது பெரிய எண்ணையே கணக்கில் வையுங்கள்.

மீனவர்களே, மண்டலம் என்ற சொல் வந்தாலே படகு கரையில் இருக்கட்டும். 45 கி.மீ. காற்று ஊருக்குள் வேப்பங்கிளையை ஆட்டுவதோடு நிற்கலாம். திறந்த கடலில் ஃபைபர் படகைப் புரட்டிப்போட அதுவே போதும்.