கியூமுலேட்டிவ் எஃப்டியா, மாத வட்டியா: செல்வி டீச்சர் போட்ட கணக்கு

தென்காசியில் எங்கள் தெருவில் இருக்கும் செல்வி டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். நிலம் விற்றதில் அவர் பங்காக ஐந்து லட்சம் வந்தது. எஃப்டி போட பேங்க்குக்குப் போனவர், பணத்தைப் போடாமல் ஒரு துண்டுச்சீட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சீட்டில் இரண்டே வரி. "மாத வட்டி, 5 வருஷம், 7%." கீழே, "கியூமுலேட்டிவ், 5 வருஷம், 7%, ஈல்டு 8.30%."

"ரெண்டுக்கும் ஏழுன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் இந்த 8.30 எங்க இருந்து வந்துச்சு தம்பி?"

எஃப்டி போடப்போகும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. லேப்டாப்பில் கூகுள் ஷீட்ஸைத் திறந்து உட்கார்ந்தோம். நீங்களும் உங்கள் தொகையை வைத்து இதையே செய்து பாருங்கள்.

படி 1: முதிர்வுத் தொகை

கியூமுலேட்டிவில் வட்டி கைக்கு வராது, அசலோடு சேர்ந்துகொண்டே போகும். நம் பேங்க்குகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ப்பார்கள். 7 சதவீதத்தை நான்காகப் பிரித்தால் காலாண்டுக்கு 1.75. ஐந்து வருடத்தில் இருபது காலாண்டு.

```
=500000*(1+7%/4)^20
```

விடை 7,07,389. வட்டி மட்டும் 2,07,389. அதை ஐந்தால் வகுத்து, ஐந்து லட்சத்துக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்தால் 8.30 வருகிறது. சீட்டில் இருந்த 'ஈல்டு' இதுதான். ஐந்து வருடக் கூட்டு வட்டியைச் சராசரியாக்கி எழுதிய எண். காலம் நீள நீள இதுவும் தானாகப் பெருகும், அதனால் இதை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள். உண்மையான வருட வருமானம் 7.19 சதவீதம்தான்.

படி 2: மாத வட்டி

ஐந்து லட்சத்துக்கு ஏழு சதவீதம் என்றால் வருடம் 35,000, மாதம் 2,917 என்று டீச்சர் மனக்கணக்காகவே சொன்னார். ஆனால் அவ்வளவு வராது. காலாண்டு முடிவில் தர வேண்டிய வட்டியை மாதாமாதம் முன்கூட்டியே தருவதால் பேங்க் கொஞ்சம் கழித்துக்கொள்ளும்.

```
=500000*((1+7%/4)^(1/3)-1)
```

2,900 ரூபாய் சொச்சம். அறுபது மாதத்துக்கு 1,73,989. "அப்போ முப்பத்தி மூவாயிரம் நஷ்டமா?" என்றார் டீச்சர். அங்கேயே நிறுத்தியிருந்தால் கியூமுலேட்டிவ்தான் ஜெயித்திருக்கும்.

படி 3: அந்த 2,900 எங்கே போகிறது?

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கியூமுலேட்டிவில் வட்டியும் ஏழு சதவீதத்தில் வேலை செய்கிறது. மாத வட்டியில் 2,900 கைக்கு வந்ததும் அதன் வேலை நம் பொறுப்பு. அதையும் மாதாமாதம் அதே வட்டிக்குப் போட்டால்?

```
=FV((1+7%/4)^(1/3)-1, 60, -2899.82)
```

என்டரைத் தட்டியதும் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தார். 2,07,389. சில்லறை தவிர அதே எண்.

முன்கூட்டித் தருவதற்காக பேங்க் கழித்தது சரியாக அந்த அளவுதான். ஆக, பேங்க் இரண்டுக்கும் ஒரே கூலிதான் கொடுக்கிறது. 2,900ஐ 2.5 சதவீத சேவிங்ஸ் கணக்கிலேயே தூங்கவிட்டால்தான் ஐந்து வருட முடிவில் 1,85,000 அளவில் நிற்கும். ஆர்டியில் போடுவதென்றால் ஆர்டி வட்டியும் ஏழா என்று முதலில் கேளுங்கள். ஆர்டி தொடங்கும் நாளின் வட்டிதான் கடைசிவரை, அதனால் ஆறு மாதம் கழித்துப் போனால் வேறு விகிதம் கிடைக்கலாம்.

படி 4: வரி

கியூமுலேட்டிவில் பணம் கைக்கு வராவிட்டாலும் வருடாவருடம் வட்டி சேர்ந்ததாக பேங்க் வருமான வரித்துறைக்குக் காட்டிவிடும். முதல் வருடம் 35,930, கடைசி வருடம் 47,425. அந்தந்த வருடமே கணக்கில் காட்டி வருவது நல்லது. இல்லையென்றால் முதிரும் வருடத்தில் மொத்தமும் ஒன்றாக வந்து விழும். 60 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு ஒரு பேங்க்கில் வருட வட்டி 50,000ஐத் தாண்டினால்தான் டிடிஎஸ். டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதற்காக வரி இல்லை என்று அர்த்தமில்லை. டீச்சர் சம்பளக்காரர், அவருக்கு வரி உண்டு.

நடுவில் உடைத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். பணம் இருந்த காலத்துக்கான வட்டியில் அபராதம் போகக் கணக்கிடுவார்கள். மாத வட்டி வாங்கியிருந்தால், கூடுதலாகக் கொடுத்ததை அசலில் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து லட்சம் போட்டு அதற்குக் குறைவாக வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

டீச்சர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா மாத்திரைக்கு மாசம் ஆயிரத்து நூறு ஆகுது" என்றார். ரெண்டு லட்சத்துக்கு மாத வட்டி எவ்வளவு என்று அவரே ஷீட்டில் எண்ணை மாற்றினார். 1,160. மீதி மூன்று லட்சம் கியூமுலேட்டிவில் 4,24,433.

மறுநாள் பேங்க்கில் இரண்டு படிவம் வாங்கினார். கவுண்டரில் இருந்த பெண், "எதுக்கு மேடம் ரெண்டு? கியூமுலேட்டிவ்தான் ஈல்டு அதிகம்" என்றாராம். டீச்சர் மாத வட்டிப் படிவத்தில் அம்மாவின் மருந்துக்கடைப் பணம் போகும் அக்கவுண்ட் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார்.