வர்த்தமானியைச் சுருக்கும்போது திகதியில் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் ஒரு கிராம உத்தியோகத்தர் வர்த்தமானிச் சுருக்கத்தைக் கையில் எடுப்பது பெரும்பாலும் யாராவது எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான். "எனக்கு எவ்வளவு, எப்ப இருந்து, எப்ப மட்டும்?" என்பதுதான் வந்தவரின் கேள்வி. சுருக்கத்தில் அந்தப் பதில் இல்லாவிட்டால், அது எத்தனை அழகான தமிழில் இருந்தும் உதவாது.

2025 தொடக்கத்தில் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு திருத்தப்பட்டதை எடுத்துக்கொள்வோம். "சனவரி முதல் அஸ்வெசும கூட்டப்பட்டது" என்று ஒரு வரியில் எழுதிவிடத் தோன்றும். அதுதான் பெரிய தவறு. வறியோருக்கு 8,500 ரூபா 10,000 ஆனது. மிக வறியோருக்கு 15,000 ரூபா 17,500 ஆனது. தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டோருக்கு 2,500 ரூபா 5,000 ஆகி, 31.12.2025 வரை என்று எல்லையும் வந்தது. ஆனால் பாதிக்கப்படக்கூடியோர் பிரிவுக்கு ஒரு ரூபாவும் கூடவில்லை. அதே 5,000, காலம் மட்டும் 31.03.2025 வரை நீண்டது.

இப்போது பாருங்கள், இரண்டு பிரிவுக்கும் தொகை 5,000தான், முடிவுத் திகதி வேறு. தொகையை மட்டும் எழுதினால் ஏப்ரலில் ஒரு குடும்பம் பணம் வரவில்லை என்று வந்து நிற்கும், உத்தியோகத்தரிடம் பதில் இருக்காது. ஆகவே பிரிவு, பழைய தொகை, புதிய தொகை, தொடக்கம், முடிவு என்று ஐந்து நிரலில் ஓர் அட்டவணை போடுங்கள். மாறாத பிரிவையும் "மாற்றமில்லை" என்று எழுதுங்கள்; விட்டுவிட்டால் மறந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள். பிரிவுகளின் பெயர்களை மட்டும் உங்கள் சொல்லில் மாற்றாமல், வர்த்தமானியில் உள்ளபடியே எடுங்கள்.

அடுத்தது, முதல் பக்கத்தின் உச்சியில் இருக்கும் திகதியை நடைமுறைத் திகதி என்று எடுப்பது. அது வெளியிட்ட நாள். நடைமுறைக்கு வரும் நாள் உள்ளே, பல வேளைகளில் கடைசிப் பந்தியில் கிடக்கும். முந்தியும் இருக்கலாம், பிந்தியும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். உள்ளே திகதியே தென்படாவிட்டால் ஊகிக்காமல், எந்தச் சட்டத்தின் கீழ் வெளியானதோ அதில் பாருங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

திருத்த அறிவித்தலைத் தனியாக வாசிப்பதும் ஆபத்துத்தான். இன்ன பந்தியில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் என்று மட்டுமே அதில் இருக்கும். முதல் வர்த்தமானியையும், இடையில் வந்த திருத்தங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் பழைய தொகை எதுவென்று தெரியும். சுருக்கத்தின் தலையில் இலக்கத்தை முழுதாக எழுதுங்கள். அதி விசேட வர்த்தமானியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது அந்த வாரத்தின் இலக்கம், பின்னால் இருப்பது அந்த வாரத்தில் எத்தனையாவது என்பது. பின்பாதியை விட்டால், அதே வாரத்தில் வெளியான வேறு அறிவித்தல்களில் எது என்று தேடி அலைய வேண்டியதுதான்.