நாலாம் இரவில் இரண்டாவது குளிசை

வெள்ளவத்தையில் பாமசி கவுண்டருக்குப் பின்னால் நின்று பல வருடமாகிறது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் கொடுத்த நித்திரைக் குளிசைப் பெட்டியோடு வந்து, "அண்ணை, இது இங்க இருக்கோ?" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் டைபென்ஹைட்ரமின், இல்லாவிட்டால் டொக்சிலமின். இரண்டுமே பழைய வகை அன்ரிஹிஸ்டமின், அதாவது நம் பழைய தடிமன் குளிசையின் சொந்தங்கள். பயிலுநராக இருந்தபோது நானும் இதே வழியில் போனவன் என்பதால், அந்தப் பெட்டியைக் கண்டாலே எத்தனையாவது இரவு என்றுதான் முதலில் கேட்பேன்.

மதுவோடு சேர்த்து எடுக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நித்திரை வராவிட்டால் இன்னொன்று போடுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். நம்மை விழிப்பாக வைத்திருக்க மூளை சுரக்கும் பொருட்களில் ஹிஸ்டமின் ஒன்று. பழைய வகை அன்ரிஹிஸ்டமின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைந்து அந்தச் சமிக்ஞையை மறிக்கிறது, அதனால்தான் தூக்கம் வருகிறது. ஆனால் அந்த மறிப்பு நாம் எழும்பும் நேரத்தோடு முடிவதில்லை. டைபென்ஹைட்ரமினில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய 9 மணி நேரம் எடுக்கும், வயது போனவர்களுக்கு இன்னும் கூட.

போன மாதம் வந்த தம்பியின் கதையைச் சொல்கிறேன். இரவு 11.30க்கு 50 மில்லிகிராம் குளிசை ஒன்று. முதல் இரண்டு இரவு அடித்துப் போட்டதுபோல நித்திரை, காலையில் மட்டும் தலை பாரம், வாய் வறட்சி. மூன்றாம் இரவு சுமார். நாலாம் இரவு ஒன்றுமே நடக்கவில்லை, அதனால் 1.30க்கு எழும்பி இன்னொன்று போட்டிருக்கிறார். காலை 8.30க்கு மோட்டார்சைக்கிளில் காலி வீதியில் வேலைக்குப் போகிறார். கணக்குப் பாருங்கள்: முதல் குளிசையில் பாதி, அதாவது 25 மில்லிகிராம், இன்னும் உள்ளே. பிந்திப் போட்டதில் 29 அளவில். இரண்டையும் கூட்டினால் 54, முந்தைய இரவுகளின் மிச்சம் வேறு. காலைச் சாப்பாட்டோடு ஒரு முழு நித்திரைக் குளிசை விழுங்கிவிட்டு ஓடியதற்குச் சமம். பம்பலப்பிட்டிச் சந்தியில் முன்னால் போன பஸ் பிரேக் பிடித்தது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம். நல்லகாலம், விழவில்லை.

சரி, நாலாம் இரவு ஏன் வேலை செய்யவில்லை? குளிசை பழுதில்லை. தொடர்ந்து மறித்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு நாளுக்கு இரண்டு முறை 50 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் நன்றாகத் தூங்கி வழிந்தவர்கள், நாலாம் நாள் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தபோது இருந்ததைப் போலவே இருந்தார்கள். அளவைக் கூட்டினால் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான், ஆனால் காலை மந்தம் திரும்பி வரும். அதோடு இந்த மருந்து ஹிஸ்டமினை மட்டும் மறிப்பதில்லை, அசிட்டைல்கோலின் என்ற இன்னொன்றையும் மறிக்கும். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கச் சிரமம், கண் மங்கல் எல்லாம் அதனால்தான். நித்திரை வருவது நின்ற பிறகும் இவை நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

பயிலுநராக இருந்தபோது ஒன்றிலிருந்து மூன்று குளிசை வரை போனேன். ஒரு காலையில் டொக்டர் துண்டில் 5 என்றிருந்ததை 50 என்று வாசித்து எடுத்து வைத்துவிட்டேன், பெரியவர் ஒருவர் சரிபார்த்ததால்தான் அது நோயாளியிடம் போகவில்லை. மந்தம் இருப்பதே அந்த மந்தத்தில் தெரியாது, அதுதான் பயம். எழும்பி இரண்டு மணி நேரமாகியும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள் என்றால் மருந்து இன்னும் வேலை செய்கிறது, வாகனத்தைத் தொடாதீர்கள்.

தடிமன் குளிசையையும் சேர்ப்பது

பெயர் வேறு, மருந்து ஒரே வகை. பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள்.

அம்மம்மாவுக்குக் கொடுப்பது

வேண்டாம். குழப்பமும், இரவில் எழும்பி விழுவதும் நடக்கும்.

பிந்தி எடுப்பது

12 மணி தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். 6 மணிக்கு எழும்ப வேண்டியவருக்கு அது காலை மருந்தாகிவிடும்.

அந்தத் தம்பியிடம் குளிசையை நிறுத்தச் சொன்னேன். நாலைந்து நாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தலாம், ஓரிரு இரவு நித்திரை குழம்பும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பத் தொடங்கினால்தான் சிக்கல். மாதக்கணக்கில் எடுப்பவர் டொக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்தட்டும். அப்புறம் இரவு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். 9 மணிக்கு வேலை முடிந்து வந்து இரண்டு கப் கடும் சாயத்தேநீர், தினமும். அதை மாலை 4 மணியோடு நிறுத்திவிட்டு இரண்டு கிழமை பாருங்கள், அப்போதும் நித்திரை இல்லையென்றால் டொக்டரிடம் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.