பத்தாம் தேதி தாண்டினாலும் வட்டி உண்டு: சேமிப்புக் கணக்கு வட்டியை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி?

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் எங்கள் மாடியில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஜூன் 12ஆம் தேதி அவருக்குச் சீட்டுப் பணம் 40,000 ரூபாய் வந்தது. அதை அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டார். கேட்டால், "பத்து தாண்டிடுச்சுல்ல, இனிமே போட்டா இந்த மாசத்துக்கு வட்டி வராது. ஒண்ணாந்தேதி போட்டுக்கலாம்" என்றார்.

அக்கா சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அப்போது வங்கிகள் வட்டி கொடுத்தன. 2010 ஏப்ரல் 1 முதல் அது மாறிவிட்டது. இப்போது ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் நிற்கும் இருப்புக்கு அந்த ஒரு நாள் வட்டி சேரும். அதை எப்படிப் போடுவது என்று அக்காவின் பாஸ்புக்கை வைத்தே பார்ப்போம்.

முதல் வேலை, இருப்பு மாறிய நாட்களை மட்டும் எடுத்து எழுதுவது. ஜூன் 1ஆம் தேதி 20,000 இருந்தது. 4ஆம் தேதி மகன் 30,000 அனுப்பினான், 50,000 ஆனது. 12ஆம் தேதி வாடகைக்கு 18,000 போய் 32,000. 25ஆம் தேதி மளிகைக்கு 12,000 போய் மறுபடியும் 20,000. ஒரே நாளில் நாலு வரி இருந்தால் கடைசி வரியின் இருப்பை மட்டும் எடுங்கள். காலையில் வந்து மாலையில் போன பணத்துக்கு வட்டி கிடையாது. ராத்திரி வந்து மறுநாள் காலை போனால் ஒரு நாள் வட்டி உண்டு.

அடுத்து, ஒவ்வொரு இருப்பும் எத்தனை நாள் நின்றது என்று எண்ணிப் பெருக்குங்கள்.

1 முதல் 3 வரை: 3 × 20,000 = 60,000
4 முதல் 11 வரை: 8 × 50,000 = 4,00,000
12 முதல் 24 வரை: 13 × 32,000 = 4,16,000
25 முதல் 30 வரை: 6 × 20,000 = 1,20,000

புதிதாகப் போடுகிறவர்கள் தப்பு செய்வது இங்கேதான். பணம் எடுத்த 12ஆம் தேதியைப் பழைய இருப்பிலும் சேர்த்து, புதிய இருப்பிலும் சேர்த்துவிடுவார்கள். அன்று ராத்திரி இருந்தது 32,000தான், எனவே அந்த நாள் அந்த வரிக்குச் சொந்தம். நாட்களைக் கூட்டிப் பாருங்கள்: 3, 8, 13, 6, மொத்தம் 30. ஜூனுக்கு 31 வந்தால் எங்கோ ஒரு நாளை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள்.

பெருக்கல்களின் கூட்டுத்தொகை 9,96,000. ஆண்டு வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதை 3ஆல் பெருக்கி 36,500ஆல், அதாவது 365 × 100ஆல் வகுக்க வேண்டும். வருவது 81 ரூபாய் 86 காசு. பழைய முறையில் இதே வட்டிக்கு, குறைந்த இருப்பான 20,000க்கு வெறும் 50 ரூபாய்தான் வந்திருக்கும்.

எக்செல்லில் நாட்களை B2 முதல் B5 வரையும் இருப்பை C2 முதல் C5 வரையும் போட்டால் இது போதும்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)*3/36500
```

சரி, டிரம்முக்குள் இருந்த 40,000? 12ஆம் தேதியே போட்டிருந்தால் 30ஆம் தேதி வரை 19 நாள். 40,000 × 19 × 3 ÷ 36,500, அதாவது 62 ரூபாய் 47 காசு. பெரிய தொகை இல்லைதான். இதற்காக நாள்தோறும் வங்கிக்கு ஓட வேண்டியதும் இல்லை. ஒரு லட்சத்துக்கே ஒரு நாள் வட்டி 8 ரூபாய் 22 காசுதான். ஆனால் மும்பையில் மாத வாடகைக்குப் பதிலாகப் பெரிய முன்பணமாக ஹெவி டெபாசிட் கொடுத்துக் குடியிருந்தவர்களுக்கு வீடு காலி செய்யும்போது ஐந்து லட்சம் ஒரே செக்காகத் திரும்பி வரும். அதைப் பத்து நாள் பீரோவில் வைத்திருந்தால் 411 ரூபாய் போச்சு. செக்கைப் போட்ட நாளிலிருந்து இல்லை, பணம் கணக்கில் ஏறிய நாளிலிருந்துதான் வட்டி என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் போட்ட தொகையைப் பாஸ்புக்கில் தேடினால் ஜூன் மாதத்துக்கென்று தனி வரி பெரும்பாலும் இருக்காது. பல வங்கிகள் மூன்று மாத வட்டியைச் சேர்த்து ஒரே வரியாகத்தான் ஏற்றும். ஏப்ரல், மே மாதங்களுக்கும் இதேபோல் போட்டுக் கூட்டினால்தான் அந்த எண்ணோடு ஒப்பிட முடியும்.

இதையெல்லாம் காட்டிய பிறகு அக்கா கேட்டார், "அப்போ போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்கிறதுக்கும் இப்படித்தானா?" இல்லை. தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் பத்தாம் தேதிக் கணக்கு இன்னும் இருக்கிறது. பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அது ஐந்தாம் தேதி. அங்கே மட்டும் அக்கா தன் பழைய வழக்கத்தை மாற்ற வேண்டாம்.