பத்து மீட்டரில் குறி சிதறுவதற்குத் துப்பாக்கியின் வலிமை காரணமல்ல

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஏர் ரைபிள் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது அதன் வேகத்தைத்தான். அதில் இட்டுச் சுடும் சிறிய ஈயக் குண்டான பெல்லட்டைப் பற்றிய கேள்வி, கடைக்காரர் கொடுக்கும் டப்பாவை வாங்கிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. குறுகிய தூரத்தில் குறி தவறுவதற்குப் பெரும்பாலும் இந்த அலட்சியமே காரணம்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் கேட்பதில்லை. இந்த வரம்பை எட்டும் ரைபிளே துல்லியமானது என்று கருதுவது முதல் தவறு. பத்து மீட்டர் போட்டி ரைபிள்கள் ஏறத்தாழ 7.5 ஜூலில்தான் இயங்குகின்றன. 0.53 கிராம் பெல்லட் அதில் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சென்று, பத்து மீட்டருக்குள் சுமார் 1.7 சென்டிமீட்டர் தாழ்கிறது. 14 ஜூல் ஸ்பிரிங் ரைபிளில் அதே பெல்லட் சுமார் 0.9 சென்டிமீட்டர் தாழும். இந்த வேறுபாடு ஒவ்வொரு சுடலிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால், குறிகாணியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் இடமும் வலமுமாகச் சிதறுவதை அப்படித் திருகிச் சரிசெய்ய முடியாது.

அந்தச் சிதறல் பெரும்பாலும் பெல்லட்டிலிருந்து வருகிறது. பெல்லட்டின் தலை குழலின் வரிப்பள்ளங்களைப் பிடித்துச் சுழல்கிறது. பின்புறத்துப் பாவாடைப் பகுதி காற்றழுத்தத்தால் விரிந்து குழலை அடைக்கிறது. தலை தளர்வாக இருந்தாலோ, எடை அச்சிலிருந்து சற்றே விலகியிருந்தாலோ, சுழன்றபடி குழலை விட்டு வெளியேறும் கணத்திலேயே அது பக்கவாட்டில் நகரத் தொடங்கிவிடும். இதனால்தான் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் எனத் தலையளவு குறித்து விற்கிறார்கள். எது பொருந்தும் என்பது குழலுக்குக் குழல் மாறும்.

கூர்முனை பெல்லட் காற்றைக் கிழித்து நேராகச் செல்லும் என்று நம்புவது அடுத்த தவறு. அதன் முனையைச் சரியாக மையத்தில் அமைப்பது கடினம். டப்பாவில் குலுங்கும்போது மென்மையான ஈய முனை வளைந்தும்விடும். பத்து மீட்டருக்குத் தட்டைத் தலையே ஏற்றது: தாளில் விளிம்பு தெளிவான துளை இடும், வடிவமும் எளிமையானது. ஆனால் அது காற்றில் விரைவாக வேகமிழப்பதால், 25 மீட்டருக்கு அப்பால் உருண்டைத் தலைக்கு மாறுவதே நல்லது. (வயலில் கொக்கைச் சுடுவதற்கு எந்தத் தலை நல்லது என்று கேட்பவர்களுக்கு விடை சட்டத்தில் இருக்கிறது; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.)

குழலை மடக்கும் ஸ்பிரிங் ரைபிள் ஒன்று கூர்முனையில் ஐந்து துளைகளை மூன்று சென்டிமீட்டருக்குச் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. தட்டைத் தலையில் இரண்டு தலையளவுகளை வாங்கி, ரைபிளை மென்மையான தாங்கியில் இறுக்காமல் வைத்து, பெல்லட்டை மாற்றியதும் வரும் முதல் சில சுடல்களைக் கணக்கில் கொள்ளாமல், ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாகப் பல தாள்கள் சுட்டு ஒப்பிட வேண்டும். ஒரே தாளை வைத்து முடிவு செய்தால் தற்செயல் ஏமாற்றிவிடும். எல்லாத் தாள்களும் ஒரே அளவுக்குச் சிதறினால் மட்டும் குறிகாணியின் திருகுகளையும் குழல் மடங்கும் மூட்டையும் ஆராயலாம்.

நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் திறந்து வைத்த டப்பாவின் பெல்லட்டுகள்மேல் வெண்மையான பொடி படியும். அது ஈயத்தின் அரிப்பு. அத்தகைய பெல்லட் குழலில் சீராகப் பொருந்தாது, அதைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.