பொருத்துக: மிச்சமிருப்பது விடை ஆகாது

வலப்பக்கம் கூடுதல் விடைகள் இருக்கும் 'பொருத்துக' கேள்வியில், கடைசியாக மிஞ்சியதைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியாது. நம் டெல்டா வரலாற்றிலிருந்தே ஒரு கேள்வி பார்ப்போம்.

இடப்பக்கம்: கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்.
வலப்பக்கம்: இரண்டாம் ராஜராஜன், கரிகாலன், மூன்றாம் குலோத்துங்கன், முதலாம் ராஜேந்திரன், முதலாம் ராஜராஜன்.

வரிசைப்படி போகாமல், சந்தேகமே இல்லாததில் தொடங்குங்கள். கல்லணைக்குக் கரிகாலன், பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன். கங்கை வரை படை அனுப்பி வென்றவர் ராஜேந்திரன் என்பதால் கங்கைகொண்ட சோழபுரமும் முடிந்தது. ராஜராஜன் பெயர் இரண்டு முறை வருவது பொறி. 'முதலாம்', 'இரண்டாம்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தாராசுரத்துக்கு இரண்டு பேர் மிச்சம். இங்கே கேள்வியைத் திருப்ப வேண்டும்: இந்த மன்னர் கட்டியது எது? மூன்றாம் குலோத்துங்கன் என்றால் கும்பகோணம் பக்கத்துத் திருபுவனம் கோயில். அது இடப்பக்கத்தில் இல்லை. அப்படியானால் அவர்தான் உபரி, தாராசுரம் இரண்டாம் ராஜராஜனுடையது. உபரி விடைக்கும் பெரும்பாலும் பட்டியலில் இல்லாத ஒரு சொந்த ஜோடி இருக்கும். அதை நினைவுபடுத்திவிட்டால் தயங்காமல் அடித்துவிடலாம்.

திருபுவனம் நினைவுக்கு வரவில்லையென்றால் இந்த வழி இரண்டு பேரோடு நின்றுவிடும். மதிப்பெண் குறைக்காத தேர்வு என்றால் ஒன்றை எழுதிவிடுங்கள். அப்புறம், ஒரே விடை இரண்டு முறை வரலாம் என்று குறிப்பில் இருந்தால், பொருத்திய விடையை அடிக்கக் கூடாது.