பெரியவர்களுக்கான ஏடிஹெச்டி மதிப்பீட்டு அறிக்கை: எங்கே தவறுகிறோம்?

முப்பத்தொரு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல பேரின் கதைகளைச் சேர்த்து, விளக்கத்துக்காக உருவாக்கிய ஆள்தான். கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மூன்று வயதில் ஒரு குழந்தை. ஜிஎஸ்டி ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி நெருங்கும்வரை வேலையைத் தொடவே முடிவதில்லை. படித்த மெயிலுக்குப் பதில் போட மறந்துபோகிறது. வீட்டில் பாதி மடித்த துணி அப்படியே கிடக்கிறது. "எப்பவும் நெஞ்சுக்குள்ள ஒரு படபடப்பு, ராத்திரி தூக்கமும் வர்றதில்லை" என்கிறார்.

கவனக் குறைபாடும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த ஏடிஹெச்டிக்கான முதற்கட்ட வினாத்தாளான ஏஎஸ்ஆர்எஸ்ஸின் முதல் பகுதியில் ஆறுக்கு ஐந்து. ஜிஏடி-7 பதற்ற அளவீட்டில் 21க்கு 14. அறிக்கை இப்படி வருகிறது: "ஏஎஸ்ஆர்எஸ் நேர்மறை. சிறுவயதிலிருந்தே அறிகுறிகள் உள்ளன. எனவே ஏடிஹெச்டி. உடன் மிதமான பதற்றமும் உள்ளது." இந்த நான்கு வரிகளும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அடுத்து பார்க்கப்போகும் மனநல மருத்துவருக்கு இதில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை.

முதலில் மதிப்பெண். ஏஎஸ்ஆர்எஸ் முதல் பகுதியில் ஆறு கேள்விகள். நான்கோ அதற்கு மேலோ வந்தால், மேற்கொண்டு முழுமையாக விசாரிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். முதல் மூன்று கேள்விகளுக்கு "சில நேரங்களில்" என்று டிக் போட்டாலே கணக்கில் சேர்ந்துவிடும். ஆக, தூக்கமில்லாமல் பதறிக்கொண்டிருக்கும் யாரும் நான்கைத் தொட வாய்ப்பு உண்டு. டிக்குக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதுவது பெரிய தவறு.

அதே வினாத்தாளின் முதல் கேள்வி, ஒரு வேலையின் கடைசிக் கட்ட விவரங்களை முடிப்பதில் சிரமம் உண்டா என்பது. இவர் "அடிக்கடி" என்கிறார். "போன வாரம் நடந்த ஒண்ணைச் சொல்லுங்க" என்று கேட்டால், முடித்த கணக்கையே தப்பு இருக்குமோ என்று நாலு முறை திருப்பிப் பார்த்ததால் அனுப்பவில்லை என்கிறார். இது பதற்றத்தின் பக்கம் போகிறது. மெயிலைப் பற்றிக் கேட்டால் வேறு பதில்: "படிச்சேன், பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், நடுவுல வேற ஃபைல் தேடப் போனேன், அப்புறம் அது ஞாபகமே இல்லை." இதில் பயம் எதுவும் இல்லை, கவனம் நழுவியிருக்கிறது. டிக் ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு. அறிக்கையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் பக்கத்தில் இப்படி ஒரு நிகழ்வு, அவருடைய வார்த்தையிலேயே, ஒரு வரி இருக்க வேண்டும்.

அடுத்தது சிறுவயது வரலாறு. அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் கையேடான டிஎஸ்எம்-5 கேட்பது இது: 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். முந்தைய பதிப்பில் இது 7 வயது. 2013இல்தான் 12 ஆனது. அந்த வயதிலேயே முழு நோயறிதலுக்குரிய எண்ணிக்கை இருந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. நம் கணக்கில் இது ஏறத்தாழ ஆறாம் வகுப்பு வரையான காலம். ஆனால் பல அறிக்கைகளில் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண்தான் இருக்கிறது. "பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கினார், எனவே சிறுவயதில் பாதிப்பு இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

மதிப்பெண் சொல்வது பிள்ளையைப் பற்றி மட்டும் இல்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அம்மா இரவு பத்து மணிவரை அருகிலேயே இருந்து எழுத வைத்த வீட்டில், ட்யூஷன் அக்கா தினமும் ஒப்பிக்கச் சொன்ன வீட்டில், மணியடித்தால் எழுந்து மணியடித்தால் படிக்கும் ஹாஸ்டலில், கவனக் குறைபாடு உள்ள புத்திசாலிப் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். குறிப்பாக ஓடியாடித் தொந்தரவு செய்யாத, சன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த பெண் குழந்தைகளைப் பற்றி யாரும் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் தாங்கல் போன பிறகு என்ன ஆனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கேட்கும் முறையிலும் கோளாறு நடக்கிறது. "சின்ன வயசுல கவனம் இல்லாம இருந்தீங்களா?" என்று கேட்டால், ஏடிஹெச்டி பற்றி ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்தவர் ஆமாம் என்பார். அம்மாவிடம் அதையே கேட்டால், தன் வளர்ப்பைக் குறை சொல்வதாக நினைத்தோ, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலோ, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நல்ல பொண்ணுங்க" என்பார். இரண்டு பதிலும் நமக்கு உதவாது. அறிகுறியைப் பெயர் சொல்லிக் கேட்காமல் அன்றாடத்தைக் கேளுங்கள். ஸ்கூல் பையை யார் அடுக்கினார்கள்? வாட்டர் பாட்டில் வருஷத்துக்கு எத்தனை தொலைந்தது? வீட்டுப்பாடம் டைரியில் ஏறியதா? கடைக்கு அனுப்பினால் சொன்னதை வாங்கிவந்தாளா?

நம் ஆளின் அம்மாவிடம் ஃபோனில் அப்படிக் கேட்டால் வருவது இது: "பையையே ஸ்கூல்ல விட்டுட்டு வந்துருவாளுங்க. அவங்கப்பா சைக்கிள்ல திரும்பப் போய் எடுத்துட்டு வருவாரு. நாலாவதுல டீச்சரம்மா கூப்பிட்டு, பேரைச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கறான்னு சொன்னாங்க." ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டும் பீரோவில் கிடைக்கிறது. வகுப்பு ஆசிரியர் குறிப்பு: "கெட்டிக்காரி, கவனம் போதாது." ஹாஸ்டலில் படித்த பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். கல்லூரிக்கு வந்து தனி அறை எடுத்ததும் மூன்று அரியர். அதில் இரண்டு, அசைன்மென்ட்டை நேரத்துக்குக் கொடுக்காததால். இந்த வரிசையை அப்படியே, யார் சொன்னது, எந்த ஆவணத்தில் பார்த்தது என்று பிரித்து எழுதினால்தான் "சிறுவயதிலிருந்தே" என்ற சொல்லுக்கு மதிப்பு.

பெற்றோர் இல்லை, கார்டும் இல்லை என்றால்? அண்ணன், அக்கா, பள்ளித் தோழி யாராவது கிடைப்பார்களா என்று பாருங்கள். யாரும் கிடைக்காவிட்டால் அதையே எழுதுங்கள்: "சிறுவயது விவரம் அவர் சொன்னது மட்டுமே, வேறு வழியில் உறுதிசெய்ய இயலவில்லை." ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை அறிகுறி இருக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

சரி, பதற்றத்துக்கு வருவோம். கவனம் குவியாமையும் இருப்புக்கொள்ளாமையும் பொதுப் பதற்றக் கோளாறின் வரையறையிலேயே இருக்கின்றன. ஆகவே அதே இரண்டு அறிகுறிகளை ஏடிஹெச்டி கணக்கிலும் பதற்றக் கணக்கிலும் போட்டுவிட்டு "இரண்டும் உள்ளன" என்று முடிப்பது, ஒரே ரசீதை இரண்டு செலவில் காட்டுவது மாதிரி. பதற்றம் ஏடிஹெச்டி போலத் தோற்றம் தரலாம். ஏடிஹெச்டியால் வாங்கிய அடிகளே பதற்றத்தைக் கொண்டுவந்திருக்கலாம். இரண்டும் தனித்தனியாகவும் இருக்கலாம். எது என்று அறிக்கை சொல்ல முயல வேண்டும்.

பிரித்துப் பார்க்க எனக்கு மிகவும் பயன்படும் கேள்வி, "கவனம் போகும்போது எங்கே போகுது?" என்பது. பதற்றக்காரரின் மனம் பெரும்பாலும் கவலைக்குப் போகும்: வேலை போய்விடுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா. ஏடிஹெச்டியில் அது எங்கே வேண்டுமானாலும் போகும். சன்னல் வழியே தெரிந்த போஸ்டருக்கும் போகும், பிடித்த சீரியல் பார்க்கும்போதும் போகும். கவலை ஏதும் இல்லாத விடுமுறையில் எப்படி என்றும் கேளுங்கள். அங்கேயும் சாவியைத் தொலைத்து, அடுப்பில் பாலை மறந்தால் பதற்றத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அப்புறம், எது முதலில் வந்தது என்ற காலவரிசை. இவருக்குப் படபடப்பு தொடங்கியது 26 வயதில், ஒரு வாடிக்கையாளரின் தாக்கல் தேதியைத் தவறவிட்டு அபராதம் விழுந்த பிறகு. பை தொலைந்ததோ ஒன்பது வயதில்.

இன்னொன்றும் பலர் விட்டுவிடுகிறார்கள். சிலருக்குப் பதற்றமே ஊன்றுகோலாக வேலை செய்கிறது. ஐந்து அலாரம், மூன்று முறை சரிபார்ப்பு எல்லாம் பழைய இழப்புகளிலிருந்து அவர் கற்றுக்கொண்ட தற்காப்பு. பதற்றத்துக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அது குறைந்ததும் மறதி கூடுவதாகத் தெரிந்தால், அதைச் சிகிச்சையின் தோல்வி என்று எழுதிவிடாமல், அடியில் இருந்தது வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்ற காரணங்களைப் பொறுத்தவரை "பிற கோளாறுகள் விலக்கப்பட்டன" என்ற வரி போதாது. எப்படி விலக்கினோம் என்று இருக்க வேண்டும். தூக்கம் எத்தனை மணி நேரம், குறட்டை உண்டா, தைராய்டும் ஹீமோகுளோபினும் என்ன, மது, கஞ்சா பழக்கம் உண்டா, சோர்வு எப்போதிலிருந்து, அதிர்ச்சியான அனுபவம் ஏதும் உண்டா. பைபோலாரைத் தனியாகக் கேளுங்கள். அதில் சில நாட்கள், வாரங்கள் என்று தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கி, பிறகு வடியும். ஏடிஹெச்டியில் அப்படி அலை அலையாக இருக்காது, வருடக்கணக்கில் ஒரே போக்காக ஓடும். ஏடிஹெச்டிக்குத் தரும் ஊக்க மருந்து சிலருக்கு இப்படி உற்சாகம் பொங்கும் பித்து நிலையைத் தூண்டக்கூடும் என்பதால், குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் இருந்ததா என்பதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். கம்ப்யூட்டர் கவனத் தேர்வோ, மூளை ஸ்கேனோ இந்த விசாரணைக்கு மாற்று ஆகாது. தேர்வில் நன்றாகச் செய்தவருக்கும் ஏடிஹெச்டி இருக்கலாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு நம் ஆளின் முடிவுரை இப்படி அமையலாம்:

"கவனக் குறைபாட்டுக்கான ஒன்பது அறிகுறிகளில் எட்டு உள்ளதாகக் கூறுகிறார். அவற்றில் இரண்டைப் பதற்றமே விளக்கிவிடுவதால் கணக்கில் சேர்க்கவில்லை. மீதம் ஆறு, பெரியவர்களுக்குத் தேவையானது ஐந்து. மிகைச் செயல்பாட்டில் இரண்டு மட்டுமே. 12 வயதுக்கு முன் பல அறிகுறிகள் இருந்ததைத் தாயின் கூற்றும் ஐந்தாம் வகுப்பு அட்டையும் ஆதரிக்கின்றன. பாதிப்பு அலுவலகத்திலும் வீட்டிலும் தெரிகிறது. தைராய்டு, ஹீமோகுளோபின் இயல்பு. மது, போதைப் பழக்கம் இல்லை. பித்து நிலை வரலாறு அவருக்கோ குடும்பத்திலோ இல்லை. குழந்தை பிறந்தபின் தூக்கம் குறைந்தது உண்மை. ஆனால் சிரமங்கள் அதற்கு வெகு முன்பே தொடங்கியவை. பதற்றம் 26 வயதில், தவறிய வேலைகளைத் தொடர்ந்து தொடங்கியது. இப்போது தனியே சிகிச்சை தேவைப்படும் அளவில் உள்ளது. கவனக் குறைபாடு மேலோங்கிய ஏடிஹெச்டி, உடன் பொதுப் பதற்றக் கோளாறு."

இதே பெண்ணின் அம்மா, ஏழாவதுவரை பையைத் தானே அடுக்கினாள், டைரி எழுதாமல் வந்ததே இல்லை, எல்லாமே இந்த மூணு வருஷமாத்தான் என்று சொல்லி, ரேங்க் கார்டும் அதையே காட்டியிருந்தால், அதே ஐந்தும் அதே 14உம் இருந்தாலும் முடிவுரை மாறியிருக்கும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் முதலில் சிகிச்சை, சில மாதங்கள் கழித்துக் கவனத்தை மறுபடி மதிப்பிடுவது, அதுவரை ஏடிஹெச்டி என்ற முடிவை நிறுத்திவைப்பது என்று எழுத வேண்டியிருக்கும்.